ஏழு பெட்டிக் கணக்கு

ஸ்கூட்டர் அசெம்பிளி லைனில் ஹெட்லைட் மாட்டுகிற இடத்தில் நிற்பவருக்கு எல்லாமே 40 விநாடிதான். ரேக்கிலிருந்து ஒரு ஹெட்லைட்டை எடுக்க வேண்டும், ஒயரைச் செருக வேண்டும், ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதா என்று காதால் கேட்க வேண்டும், மேலே தொங்கும் ஸ்க்ரூ கன்னை இழுத்து மூன்று ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும். அதற்குள் அடுத்த ஸ்கூட்டர் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 90 வண்டி. திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாத அந்த இடத்தில் ‘ஹெட்லைட் தீர்ந்துபோச்சு’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு முன்னும் பின்னும் நிற்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படிச் சொல்ல விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆறு வருடம் என் பிழைப்பாக இருந்தது. இருசக்கர வாகனம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸிலிருந்து லைனுக்குப் பொருள் கொண்டுபோகும் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். ‘லைன் ஃபீடிங்’ என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவருக்கு இருக்கிற மரியாதைதான் எங்களுக்கும். ஒழுங்காக வந்தால் ஒருவரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒரு இலை காத்திருந்தால் ஊரே பார்க்கும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஹெட்லைட் தீரக் கூடாதென்றால், காலையிலேயே ஒரு நாளுக்கு வேண்டியதை அங்கே அடுக்கிவிட்டுப் போனால் என்ன? எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 720 ஹெட்லைட். பெட்டிக்குப் பத்து என்றால் 72 பெட்டி. ஒரு சின்ன அறையளவு இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். ஹெட்லைட் ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் ஹாரன் மாட்டுகிறவர், அதற்கடுத்து கண்ணாடி மாட்டுகிறவர், எதிரே ஒயரிங் விரிக்கிறவர் என்று ஒவ்வொருவர் பின்னாலும் இப்படி ஒரு மலை நின்றால், லைன் இருமடங்கு நீளமாக வேண்டும். பொருளை எடுக்க நான்கு அடி நடந்து, நான்கு அடி திரும்ப வேண்டும். 40 விநாடியில் நடைக்கே ஐந்தாறு விநாடி போய்விடும்.

இடப் பிரச்சினையை விட மோசமான இன்னொன்று, தப்பான பொருள். ஒரு லாட் ஹெட்லைட்டில் ஸ்க்ரூ துளை தள்ளிப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனோரம் நாற்பது ஹெட்லைட்தான் இருக்கிறதென்றால் நாற்பதைத் தூக்கிவிட்டு வேறு கொண்டுவரலாம். 720 அடுக்கியிருந்தால், எது நல்லது எது கெட்டது என்று பிரித்து முடிக்கவே அந்த ஷிஃப்ட் போதாது.

ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சொல்வதற்கு இவ்வளவுதான். எவ்வளவு கொஞ்சம், எத்தனை அடிக்கடி என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

இந்த முறைக்கு உருவம் கொடுத்தது ஜப்பானின் டொயோட்டா. அங்கே பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ, அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளின் யோசனையைப் பட்டறைக்குள் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் வேண்டியதை வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்கிறார். தட்டில் எவ்வளவு குறைந்ததோ அதை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். அடுத்த இடத்தில் நிற்கும் தொழிலாளியை வாடிக்கையாளராக நினைத்துக்கொண்டால் போதும். எவ்வளவு குறைந்தது என்று சொல்ல ஒரு சின்ன அட்டை. அதற்குப் பெயர் கான்பான். 1950களில் ஒரு பட்டறையில் தொடங்கியது, 1962 வாக்கில் டொயோட்டா முழுக்கப் பரவியது. லைனுக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டிகள் அடுக்கிய ரேக்குகள் இருக்கும் இடத்தை இன்றும் தொழிற்சாலைகளில் ‘சூப்பர் மார்க்கெட்’ என்றே சொல்கிறார்கள். முதல் நாள் வேலைக்கு வந்த பையன் ஒருவன், “சார், அங்க பிஸ்கட் கிடைக்குமா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறான்.

சூப்பர் மார்க்கெட்டிலிருந்து லைனுக்குப் பொருள் கொண்டுபோவது ஒரு சின்ன பேட்டரி வண்டி. பின்னால் ரயில் பெட்டி மாதிரி மூன்று நான்கு டிராலிகள். ‘டக்கர்’ என்போம். ஒரே வழியில், ஒரே நேரக் கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு இடத்திலும் நிறைந்த பெட்டியை இறக்கிவிட்டுக் காலியை ஏற்றிக்கொள்ளும். கோலி சோடாக்காரர் கடை கடையாக நிறைந்த புட்டியை வைத்துவிட்டுக் காலியை எடுத்துப் போவாரே, அதேதான். ஜப்பானியர் இந்த வேலை செய்பவரை மிசுசுமாஷி என்கிறார்கள். குளத்துத் தண்ணீர் மேல் வட்டம் வட்டமாகச் சுற்றுகிற ஒரு பூச்சியின் பெயர் அது.

இப்போது ஹெட்லைட் ரேக்குக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று போட்டுப் பார்ப்போம். டக்கர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. 20 நிமிடத்தில் 30 ஸ்கூட்டர், அதாவது மூன்று பெட்டி ஹெட்லைட். அப்படியானால் மூன்று பெட்டி போதும் என்று தோன்றும். புதிதாக வருகிற இன்ஜினியர்கள் எல்லோரும் முதலில் விழுகிற பள்ளம் இதுதான். டக்கர் காலிப் பெட்டியைப் பார்த்த உடனே நிறைந்த பெட்டி கிடைத்துவிடாது. இந்தச் சுற்றில் காலியை எடுத்துக்கொண்டு போய், நிரப்பி, அடுத்த சுற்றில்தான் கொண்டுவரும். டக்கர் நகர்ந்த மறுநொடியில் ஒரு பெட்டி காலியானால், அது எடுக்கப்பட 20 நிமிடம், நிரம்பித் திரும்ப இன்னொரு 20 நிமிடம். மொத்தம் 40. ஆகவே 40 நிமிடத்துக்கான பொருள், 60 ஹெட்லைட், சுழற்சியில் இருந்தாக வேண்டும். முன்னே பின்னே ஆனால் தாங்க ஒரு பத்து சதவீதம் கூட்டினால் 66. பெட்டிக்குப் பத்து வீதம் வகுத்தால் 6.6. பெட்டியை உடைத்துக் கணக்குப் பார்க்க முடியாது, ஏழு.

ஏழும் ஒரே நேரத்தில் லைனில் இருக்காது. டக்கர் வந்து போன உடனே ரேக்கில் நான்கு நிறைந்த பெட்டி. மற்ற மூன்றும் காலியாக டக்கரில் போய்க்கொண்டிருக்கும். 20 நிமிடம் கழித்து அந்த நான்கில் மூன்று தீர்ந்து, ஒரே ஒரு பெட்டி மிச்சமிருக்கும்போது அடுத்த மூன்று வந்து சேரும். அந்த ஒரு பெட்டிதான் நம் மொத்த தைரியம். பத்து ஹெட்லைட், ஆறு நிமிடம் நாற்பது விநாடி. டக்கர் அதற்குமேல் தாமதித்தால் லைன் நிற்கும்.

ஒரு பெட்டி மீதி வைத்திருக்கும்போது, ஆறு நிமிடத்துக்குள் தாமதம் வந்தால் கவலையில்லை. டக்கர் சீக்கிரம் வந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஆலையில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

ஒரு நாள் டக்கர் ஓட்ட ஒரு புதுப் பையன் வந்தான். சுறுசுறுப்பானவன். 10:00 மணிச் சுற்றைச் சரியாக முடித்தான். அடுத்த சுற்று 10:20க்கு வர வேண்டும். வழியில் ஆளில்லை, வண்டியில் சார்ஜ் இருக்கிறது, 10:17க்கே வந்து நின்றுவிட்டான். “சூப்பர் தம்பி, இப்படித்தான் இருக்கணும்” என்று லைன் சூப்பர்வைசர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சரியாக 11:00 மணிக்கு அந்த ரேக்கில் ஹெட்லைட் தீர்ந்தது. தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்து, பாட்டு அடித்து, லைன் நின்றது.

அந்த நேரத்தில் டக்கர் வளைவில் ஒரு ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. ஒன்றரை நிமிடத் தாமதம்தான். ஆறரை நிமிடம் தாங்க வேண்டிய ரேக், ஒன்றரை நிமிடத்தைத் தாங்கவில்லை. மறுநாள் காலை மீட்டிங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு நல்ல அர்ச்சனை. அதோடு விஷயம் முடிந்தது என்றார்கள். எனக்கு மட்டும் அந்த ஐந்து நிமிட வித்தியாசம் நெஞ்சில் முள்ளாக இருந்தது. மதியம் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

பையன் 10:17க்கு வந்தபோது 25 ஹெட்லைட் மாட்டியிருந்தார்கள். அதாவது இரண்டு பெட்டி காலி. மூன்றாவது பெட்டியில் இன்னும் ஐந்து மிச்சம். மூன்று நிறைந்த பெட்டியை ஏற்றினான்; காலியாக இருந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பாதிப் பெட்டியை எப்படி எடுப்பது? அந்த நிமிடத்தில் ரேக் வழக்கத்தைவிட நிறைந்து தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு காலி எடுத்துப் போனதால், 10:40க்கு இரண்டு பெட்டிதான் வந்தது. அதற்குள் ரேக்கில் ஒரு பெட்டிதான் மீதி. ஆக மூன்று. அடுத்த 20 நிமிடத்துக்கு வேண்டியதும் மூன்று. மீதி ஒன்றுமில்லை. 11:00 மணிக்கு ரேக் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அப்போது வளைவில் நின்ற டக்கரில் நான்கு பெட்டி ஹெட்லைட் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பொருள் குறையவே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட் செய்தது கடைசி ஒன்றரை நிமிடம். மீதிப் பழி, எல்லோரும் பாராட்டிய அந்த மூன்று நிமிடச் சுறுசுறுப்பின் மேல்.

இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. “சீக்கிரம் வந்ததால லைன் நின்னுச்சுன்னா, நாளைக்கு நல்லா வேலை செஞ்சதால நின்னுச்சும்பீங்க” என்றார் சூப்பர்வைசர். பெட்டிக்குப் பதில் தீப்பெட்டிகளை வைத்து, கடிகாரத்தைக் கையால் நகர்த்தி, மேசையில் செய்து காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

டொயோட்டாவின் விதி ஒன்றுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கியது. பெட்டி காலியானதும் அட்டையைக் கழற்று என்று அங்கே சொல்வதில்லை. பெட்டியிலிருந்து முதல் பொருளை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றித் தபால் பெட்டியில் போடு என்கிறார்கள். படிக்கும்போது சும்மா ஒரு கெடுபிடி என்றுதான் நினைத்திருந்தேன். அதை எங்கள் 10:17க்குப் பொருத்திப் பாருங்கள். மூன்றாவது பெட்டியில் பாதி மிச்சமிருந்தாலும், அதன் அட்டை முதல் ஹெட்லைட்டை எடுத்தபோதே கழன்றிருக்கும். பையன் மூன்று அட்டையோடு போயிருப்பான்; 10:40க்கு மூன்று பெட்டி வந்திருக்கும்; 11:00 மணிக்கு ஒரு பெட்டி மிச்சமிருந்திருக்கும். காலிப் பெட்டி ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்கிறது. அட்டை ‘தொட்டுவிட்டேன்’ என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இந்த ரேக்கில் ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

அட்டை முறைக்கு மாறினோம். டக்கருக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். முன்னால் வந்தால் ஓரமாக நிற்க வேண்டும், நேரம் ஆன பிறகுதான் இறக்க வேண்டும். பாராட்டு வாங்கிய பையனுக்கு இது ரொம்ப நாள் வருத்தம்.

எல்லாப் பொருளுக்கும் இந்த அட்டை, டக்கர் கூத்து தேவையில்லை. ஸ்க்ரூவுக்கு இரண்டு டப்பா போதும். வீட்டில் டபுள் சிலிண்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு காலிக்கு புக் பண்ணுகிறோம். ஸ்க்ரூ மலிவு, சின்னது, கெட்டுப்போகாது. ஒரு டப்பா இரண்டு மணி நேரம் தாங்கும்படி வைத்தாலும் இடத்தை அடைக்காது.

இன்னொரு கோடியில் நிறம் பூசிய பாகங்கள். முன் பேனல் ஆறு நிறம் என்றால், ஆறுக்கும் தனித்தனியாக ரேக் வைக்க இடம் எங்கே? அங்கே பெட்டிக் கணக்கே கிடையாது. லைனில் எந்த நிற வண்டி எந்த வரிசையில் வருகிறதோ, அதே வரிசையில் பேனல்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி அனுப்புவோம். ஒரு பேனல் கீறல் விழுந்திருந்தால் அன்றைக்கு ஓட்டம்தான். மாற்றுப் பேனல் ஸ்டோர்ஸிலிருந்து கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. லைனில் மிச்சமான நடை, ஸ்டோர்ஸில் இன்னொருவர் தலையில் வந்து விழுகிறது. சப்ளையர் அனுப்புகிற பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, பத்துப் பத்தாக எண்ணிச் சின்னப் பெட்டியில் போட ஆள் வேண்டும். அங்கே கை தவறினால் இடது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வலது கண்ணாடி போய் உட்கார்ந்துவிடும். லைனில் மாட்டப் போகும்போதுதான் தெரியும். பெட்டியின் அளவிலேயே சப்ளையர் அனுப்ப ஒத்துக்கொண்டால் இந்த வேலை பாதி குறையும். அந்தப் பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுக்கும்.

இன்னும் பெரிய எல்லை ஒன்று. லைனோரம் ஒரு பெட்டி மிச்சம் வைத்து ஓட்டுகிற துணிச்சல், பின்னால் எல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வருவது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி ஆலைகளும் நின்றன. பொருள் ஆர்டர்களைக் கையாளுகிற கம்ப்யூட்டர்களில், பராமரிப்பு வேலையின்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போனதுதான் காரணம் என்று கம்பெனியே பிறகு அறிவித்தது. மாற்றுக்கு வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கே இந்த கதி. ஆனால் அதற்காக லைனில் 72 பெட்டி அடுக்கிக்கொள்வது தீர்வாகாது. எந்தப் பொருளுக்குப் பின்னால் நம்பிக்கை குறைவோ, அதற்கு ஸ்டோர்ஸில் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். லைனில் வைத்தால் அது கண்ணை மறைக்கும், அவ்வளவே.

ஒரு லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டதில்லை. ஸ்டோர்ஸ் ஆள் கையில் நான்கு ஹெட்லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரா, டக்கர் காலியாகத் திரும்புகிறதா, தொழிலாளியின் மேசைக்கடியில் துணி மூடிய பெட்டி இருக்கிறதா, இதைப் பார்த்தால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய நோய். ஒருமுறை பொருள் தீர்ந்து ஏச்சு வாங்கியவர், அடுத்த நாளிலிருந்து ஒரு பெட்டியை ஒளித்துவைப்பார். வீட்டில் அரிசிப் பானைக்குள் காசு முடிந்துவைக்கிற புத்திதான். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சுழற்சியிலிருந்து அந்தப் பெட்டி வெளியே போய்விடுகிறது. ஏழு ஆறாகிறது. ஆறில் டக்கர் சரியான நேரத்துக்கு வந்தால்கூட ரேக்கில் மீதி இருக்காது. ஒளித்துவைத்த பயமே பற்றாக்குறையை உண்டாக்கிவிடுகிறது.

அட்டை முறை வந்து மூன்று மாதம் கழித்து, ஹெட்லைட் ரேக்கில் மறுபடி மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடம். டக்கர் நேரம் சரி. அட்டை ஏழும் இருக்கின்றன. மேசைக்கடியில் ஒன்றுமில்லை. பெட்டியை எண்ணினேன். ஆறுதான். ஸ்டோர்ஸில் அட்டை வந்தாலும் போட்டு அனுப்பப் பெட்டி இல்லாமல், காலி வரும்வரை காத்திருக்கிறார்கள்.

ஏழாவது பெட்டியைத் தேடி லைன் முழுக்க நடந்தேன். டீ இடைவேளையில் அகப்பட்டது. ஹெட்லைட் மாட்டுகிற அக்கா அதைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாலு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவர். “எடுத்துக்கங்க சார்” என்று எழுந்தார். “உட்காருங்கக்கா, குடிச்சிட்டுத் தாங்க” என்றேன்.

அடுத்த வாரம் ஸ்டோர்ஸ் கணக்கில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி அந்த ரேக்குக்குப் பக்கத்தில் போட்டோம். அதற்கப்புறம் நான் அங்கிருந்த இரண்டு வருடமும் பெட்டி ஏழுக்குக் குறையவில்லை.